பழைய கம்பெனியில் அனுபவக் கடிதம் கேட்டபோது உங்களுக்கு என்ன நடந்தது?

டெஸ்டிங்காரன்:
2017 ஜூன் முதல் 2020 ஆகஸ்ட் வரை பெருங்குடியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தேன். விலகும்போது ரிலீவிங் லெட்டர் கொடுத்தார்கள், அதோடு விட்டுவிட்டேன். மார்ச் 3 அன்று கனடாவில் நிரந்தரமாக வசிக்க விண்ணப்பிக்கும்படி எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அழைப்பு வந்தது. 60 நாளுக்குள், அதாவது மே 2க்குள், எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். அவர்கள் கேட்கும் கடிதத்தில் பதவி, தேதிகள் மட்டும் போதாது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், என்னென்ன வேலை செய்தேன் என்பதும் லெட்டர்ஹெட்டில் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

அவசரத்தில் எச்ஆருக்கு "அனுபவச் சான்றிதழ் வேண்டும், கொஞ்சம் சீக்கிரம்" என்று மட்டும் எழுதினேன். எட்டு நாள் கழித்து, "இன்னார் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இங்கே பணிபுரிந்தார், வாழ்த்துகள்" என்று இரண்டு வரி வந்தது. அவர்கள் மேல் தவறில்லை, நான் கேட்டது அதைத்தான்.

மார்ச் 14 அன்று மறுபடி எழுதினேன். சுருக்கமாக இதுதான்:

"வணக்கம் மேடம். என் பணியாளர் எண் இது, சேர்ந்த நாள், கடைசி நாள் இவை. கனடா நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்துக்காக விரிவான கடிதம் தேவைப்படுகிறது. நீங்கள் அனுப்பிய கடிதத்தில் வேலை நேரம், சம்பளம், பணிகள் இல்லாததால் அதை ஏற்க மாட்டார்கள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 2. திருத்தம் வந்தால் நேரம் வேண்டும் என்பதால் ஏப்ரல் 10க்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும். வரைவு, ரிலீவிங் லெட்டர், கடைசி மாதச் சம்பளச் சீட்டு இணைத்திருக்கிறேன்."

மறுநாளே பதில் வந்தது. என் மேனேஜர் விலகிவிட்டாராம், பணிகளை உறுதிசெய்ய யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். பழைய டீம் லீட் அண்ணன் இன்னும் அங்கேதான் இருந்தார், அவரைச் சொன்னேன். ஏப்ரல் 8 அன்று கடிதம் வந்தது, பார்த்தால் வார மணி நேரம் விட்டுப்போயிருந்தது. சரிசெய்து ஏப்ரல் 15 அன்று வந்தது. ஏப்ரல் 30 என்று கேட்டிருந்தால் அந்த ஒரு திருத்தத்துக்கே நாள் இருந்திருக்காது.

மதுரைப் பையன்:
இவ்வளவு அலைய வேண்டுமா ப்ரோ? ஆஃபர் லெட்டரும் சம்பளச் சீட்டும் படிவம் 16ம் வைத்தால் போதும், என் நண்பன் அப்படித்தான் வைத்தான்.

எச்ஆர் அக்கா:
போதும் என்று சொல்ல முடியாது தம்பி. அவை வேலை பார்த்ததையும் சம்பளம் வாங்கியதையும் காட்டும், என்ன வேலை செய்தீர்கள் என்று காட்டாது. கடிதம் கிடைக்கவே வழியில்லாதவர்கள் விளக்கக் கடிதத்தோடு அவற்றை வைக்கலாம், ஆனால் ஏற்பது அதிகாரியின் முடிவு.

நான் பதினொரு வருடமாக இந்தக் கடிதங்களைப் போட்டுக் கொடுக்கிறேன், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். "அனுபவச் சான்றிதழ்" என்று மட்டும் வந்தால் இருக்கிற மாதிரியில் பெயரை மாற்றிக் கொடுத்துவிடுவோம். எதற்கு என்று சொன்னால்தான் யாரிடம் கையெழுத்து வாங்குவது, சம்பளம் போடலாமா என்று மேலே கேட்க முடியும். சீக்கிரம் என்று எழுதுகிறவர்கள் மாதத்துக்கு இருபது பேர், தேதி போட்டு அது ஏன் என்றும் எழுதுகிறவரைத்தான் காலண்டரில் குறித்துவைப்பேன். இன்னொன்று, வரைவு அனுப்பும்போது கனடாவின் வேலைப் பட்டியலில் இருக்கிற வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள். நீங்கள் உண்மையில் செய்ததை உங்கள் சொற்களில் எழுதினால்தான் டீம் லீட் தயங்காமல் சரி என்பார்.

செவிலி_திருச்சி:
எனக்கு வேறு மாதிரி. ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடம் இருந்தேன், மூன்று மாத நோட்டீஸில் ஒன்றரை மாதம்தான் பார்த்தேன். புது இடத்தில் 1ஆம் தேதி சேர ரிலீவிங் லெட்டர் கேட்கிறார்கள், இவர்களோ மிச்ச நாளுக்குப் பணம் கட்டு என்கிறார்கள். காரணமும் தேதியும் எழுதித்தான் கேட்டேன், பதிலே இல்லை.

எச்ஆர் அக்கா:
உங்கள் பணி ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பணம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள் மா. கட்ட வேண்டியது என்றால் தொகையை எழுத்தில் கேளுங்கள், கட்டினால் எந்தத் தேதிக்குள் கடிதம் தருவார்கள் என்பதையும் அதே மெயிலில் கேளுங்கள். புது இடத்துக்கு, ராஜினாமா ஏற்ற மெயில் இருந்தால் அதைக் காட்டி அவகாசம் கேட்கலாம். சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

செவிலி_திருச்சி:
ஏற்ற மெயில் இல்லை அக்கா, மேட்ரன் வாயால்தான் சரி என்றார்.

டீக்கடை பெஞ்ச்:
பிஎஃப்பில் விலகிய தேதி ஏறவில்லை, அதுக்கும் இதே மெயிலா?

டெஸ்டிங்காரன்:
அது வேறு நண்பா. கடைசி பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து EPFO தளத்தில் Manage > Mark Exit போய் நீங்களே போடலாம். ஆனால் ரிலீவிங் லெட்டரில் இருக்கிற அதே தேதியைப் போடுங்கள், எனக்கு மூன்று நாள் வித்தியாசம் இருந்து அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டிவந்தது.

செவிலி_திருச்சி, மேட்ரன் சொன்னதைக் குறிப்பிட்டு அவருக்கு இன்றே ஒரு மெயில் போட்டுப் பாருங்களேன், பதில் வந்தால் அதுவே எழுத்தில் இருக்கும்.

செவிலி_திருச்சி:
போடுகிறேன் அண்ணா. 1ஆம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.