அந்த 48-ஐ நீக்கினால் மண் பாதுகாப்பாகிவிடுமா?

ரவி_ஜியோ: கடல்சார் மென்களிமண்ணின் மேல் 3 மீட்டர் மண்கரை. எட்டு மாதிரிகளின் வடிகாலற்ற வெட்டு வலிமை: 22, 25, 28, 30, 31, 34, 38, 48 கிலோபாஸ்கல். 48 வெளிப்படையாகவே தவறு. அதை நீக்கிவிட்டு, ஐந்து சதவீத எல்லையைச் சிறப்பியல்பு மதிப்பாக எடுப்பதே பாதுகாப்பு. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

களிமண்காரர்: ஒன்றுமில்லையா? கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா? எட்டையும் வைத்தால் சராசரி 32, திட்ட விலக்கம் 8.2, அதில் 1.645 மடங்கைக் கழித்தால் 18.6 வருகிறது. உங்கள் 48-ஐ நீக்கினால் சராசரி 29.7 ஆக இறங்கினாலும், விலக்கம் 5.4 ஆகச் சுருங்கிவிடுவதால் விடை 20.9 ஆக ஏறுகிறது. வலுவான மாதிரியைத் தூக்கி எறிந்ததும் மண் வலுத்துவிட்டதாம்!

ரவி_ஜியோ: அந்த மாதிரியில் சிப்பித் துண்டு இருந்திருக்கும். 48 தவறுதான்.

பைலிங்_பரமு: எங்கள் தளத்தில் எப்போதும் மிகக் குறைந்த மதிப்பைத்தான் எடுத்தோம். பைல் நீண்டது, ஆனால் எவரும் கேள்வி கேட்கவில்லை.

களிமண்காரர்: பணம் கொடுத்தவரைக் கேட்டீர்களா, பரமு? தனியொரு பைலின் முனை ஒரு சிறு இடத்தை நம்பி நிற்பதால் அங்கே குறைந்த மதிப்பை அஞ்சுவதில் பொருள் உண்டு. மண்கரையின் சறுக்குப் பரப்போ பல மீட்டர் களிமண்ணை வெட்டிக்கொண்டு போகிறது. ஓரிடத்தின் பலவீனத்தை அடுத்த இடத்தின் வலிமை ஈடுசெய்யும். ஆகவே எச்சரிக்கையுடன் மதிப்பிட வேண்டியது சராசரியைத்தான். ஷ்னைடர் சொன்னபடி அரை விலக்கத்தைக் கழித்தால் 27.9, எட்டே மாதிரிகள் என்பதற்காக டி-பரவலில் 95 சதவீத நம்பிக்கைக்குப் போனால் 26.5. 48-ஐ நீக்கினாலும் ஷ்னைடர் விடை 27.0 தான். இந்த அற்ப வேறுபாட்டுக்காகவா சிப்பியைத் தேடுகிறீர்கள்? யூரோகோட் 7-இன் 1.4 பகுதிக் காரணியால் வேறு வகுக்கப் போகிறீர்கள், 18.6-ஐ வகுத்தால் 13, உங்கள் எட்டு மாதிரிகளில் ஒன்றுகூட அவ்வளவு நலிந்ததில்லை.

கடலோரம்: ஆழத்தை ஏன் யாரும் கேட்கவில்லை? 22 மேலேயும் 48 கீழேயும் எடுக்கப்பட்டிருந்தால், அது சிதறலே இல்லை, ஆழத்தோடு கூடும் போக்கு. கோடு பொருத்தி, அதிலிருந்து விலகுவதை மட்டும் விலக்கமாகக் கொள்ள வேண்டும். அப்போது எட்டையும் கலந்து எடுத்த சராசரி மேற்பகுதிக்கு மிகையாகிவிடும்.

ரவி_ஜியோ: 48 மிக ஆழமான மாதிரிதான். அதனால் அது சரியென்று ஆகிவிடாது.

களிமண்காரர்: சென்ற இழையிலும் இதே பிடிவாதம், அப்போது பைசோமீட்டரைக் குற்றம் சொன்னீர்கள். கடலோரம் சொல்வதில் பாதி சரி. ஆனால் எட்டுப் புள்ளிகளில் பொருத்திய கோட்டை, புள்ளிகளுக்கு வெளியே நீட்டி நம்பக் கூடாது.

கடலோரம்: நீட்டச் சொன்னது யார்? எழுதியதைப் படியுங்கள்.

பைலிங்_பரமு: பைசோமீட்டர் இழையில் ரவி சொன்னதே சரி.

ரவி_ஜியோ: நன்றி, பரமு. 48-ஐ நீக்கியே வரைபடம் போகிறது.

களிமண்காரர்: நீக்கினால் 18.6 ஏன் 20.9 ஆனது என்பதற்கு முதலில் விடை சொல்லிவிட்டு அனுப்புங்கள்.