மறு: மறு: ஸ்பீக்கரில் பாட்டு விட்டுப்போவதற்கு என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

அமுதா, செவ்வாய் காலை

எல்லோருக்கும் வணக்கம். ஒயர் இல்லாத ஸ்பீக்கர் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளி மாலை கொடுத்தாக வேண்டும். தூரத்து அறையில் வைத்த ஸ்பீக்கரில் பாட்டு நடுவில் ஊமையாகி மறுபடி வருமே, அந்த ‘டிராப் அவுட்’டுக்குச் சொல் வேண்டும். எனக்கு முன்னால் செய்தவர் ‘இடைநிற்றல்’ என்று போட்டிருக்கிறார். “தொலைவான அறைகளில் இடைநிற்றல் அதிகரிக்கலாம்” என்று படித்தால் பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகள்தான் கண்முன் வருகிறார்கள்.

கூடவே வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ‘பேண்ட்’. அலைவரிசையா, அலைக்கற்றையா, பட்டையா?

முத்தையா, செவ்வாய் மதியம்

அம்மா அமுதா, சொல் நம் கையிலேயே இருக்கிறது. யாப்பில் ‘விட்டிசைத்தல்’ என்கிறோமே, அடுத்த எழுத்தோடு சேராமல் ஓசை விட்டு ஒலிப்பது. விட்டு இசைப்பது விட்டிசை. உங்கள் கருவி செய்வதும் அதுதான். ‘இசை’ என்றால் ஒலி, பாட்டு, புகழ், பொருந்துதல் எல்லாம் உண்டு. ரௌட்டரோடு ஸ்பீக்கர் ‘இசையவில்லை’ என்பதும் இதற்குள் அடங்கிவிடுகிறது பாருங்கள். ‘விடு’ என்ற வேர் எங்கெங்கே போகிறது என்று தனி மடலில் எழுதுகிறேன்.

ரஹீம், செவ்வாய் மாலை

என் புளூடூத் ஸ்பீக்கரும் இப்படித்தான், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனால் நின்றுவிடுகிறது. ரௌட்டரை மாற்றினால் சரியாகுமா?

செல்வம், செவ்வாய் இரவு

ரஹீம் பாய், உங்களுடையது வேறு. அங்கே போன் நேராக ஸ்பீக்கரோடு பேசுகிறது, நடுவில் ரௌட்டர் இல்லை. போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள்.

முத்தையா ஐயா, சொல் அழகுதான். ஆனால் ‘விட்டிசை’ என்று கையேட்டில் பார்த்தால் புதுவிதமான மெல்லிசை என்றுதான் எங்கள் கடைக்கு வருபவர் நினைப்பார். அவர்கள் சொல்வது “பாட்டு கட்டாகுது”, “விட்டு விட்டு வருது”. ‘திக்குது’ என்றும் சொல்வார்கள், ஆனால் திக்கினால் அதே எழுத்து திரும்பத் திரும்ப வர வேண்டும். இது வெறும் மௌனம்.

இன்னொன்று. சிக்னல் அறுந்த அந்த நொடியிலேயே பாட்டு நிற்காது. ஸ்பீக்கருக்குள் மொட்டைமாடித் தொட்டி மாதிரி கொஞ்சம் பாட்டு முன்கூட்டியே நிரம்பியிருக்கும். கீழே மோட்டார் நின்ற பிறகும் குழாயில் தண்ணீர் வரும், தொட்டி காலியான பிறகுதான் நிற்கும். அதனால்தான் ஆட்களுக்குக் காரணம் பிடிபடுவதில்லை. எனவே ‘இணைப்பறுதல்’ மாதிரி காரணத்தைச் சொல்லும் சொல் வேண்டாம், காதில் விழுவதைச் சொல்லுங்கள்.

முத்தையா, செவ்வாய் இரவு

தொட்டி காலியாவதா? அப்படியானால் ‘இசைவறள்’!

கார்த்திக், புதன் காலை

சொல் இருக்கட்டும், 5 கிகாஹெர்ட்ஸில் போட்டால் இந்தப் பிரச்சினையே வராதே? அதுதானே வேகம். ‘விரைவுப்பட்டை’, ‘மெதுபட்டை’ என்று வைத்துவிடலாம்.

செல்வம், புதன் மதியம்

தம்பி, வேகம் என்பது ரௌட்டர் இருக்கும் அறையில். பாட்டுக்கு அவ்வளவு வேகம் தேவையும் இல்லை, விட்டுப்போகாமல் வந்தால் போதும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும்போது 2.4-ஐவிடச் சீக்கிரம் களைத்துவிடும். உங்கள் பெயரைக் கையேட்டில் போட்டால் எல்லோரும் ‘விரைவு’ பக்கம் போய்ப் பின்கட்டில் பாட்டில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

கும்பகோணத்தில் என் அக்கா வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னறையில் டிவிக்குப் பின்னால் ரௌட்டர், பக்கத்தில் இரும்பு பீரோ. ஸ்பீக்கர் கடைசியில் சமையலறையில், நடுவில் மூன்று ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். போனில் ஒரு செயலியை வைத்து சிக்னல் பலத்தை அளந்தேன். 5-இல் முன்னறையில் மைனஸ் 42, சமையலறையில் மைனஸ் 79. பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது, பாட்டுக்கு மைனஸ் 67-ஐவிடக் கீழே போகாமல் இருந்தால் நிம்மதி. அதே இடத்தில் 2.4-இல் மைனஸ் 68, கிட்டத்தட்ட சரி.

ஆனால் அப்போதும் விட்டுப்போனது. எப்போது என்று இரண்டு நாள் கவனித்தால் அக்கா மைக்ரோவேவில் பால் சுடவைக்கும்போதுதான்! அந்த அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்கிறது. ரௌட்டர் 11-ஆம் சேனலில் இருந்தது, அதன் நடு 2.462. 1-க்கு மாற்றினேன், அது 2.412, கொஞ்சம் தள்ளி. பாதி குறைந்தது.

மீதிப் பாதி இடம். ஃபைபர் பெட்டியை நகர்த்த முடியாது, அதனால் அதிலிருந்து 12 மீட்டர் லேன் ஒயர் இழுத்து நடுக்கூடத்துப் பரணில் இன்னொரு ரௌட்டர் வைத்தேன். அதை முதல் ரௌட்டரின் நெட்வொர்க்கையே நீட்டும் ஆக்சஸ் பாயிண்ட் முறையில் போடாமல் முதல் நாள் ஏமாந்தேன். வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் ஆகிவிட்டது, முன்னறையில் இருக்கும் போனுக்கு ஸ்பீக்கரே தெரியவில்லை. மாற்றியதும் சமையலறையில் மைனஸ் 57, அடுப்பு ஓடினாலும் பாட்டு ஓடுகிறது.

அமுதா, புதன் மாலை

செல்வம் அண்ணே, இதையே கையேடாகக் கொடுத்துவிடலாம்போல. சரி, ‘சேனல்’ என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சிக்கல். பேண்டை அலைவரிசை என்று எழுதிவிட்டால் அதற்குள் இருக்கும் 1, 6, 11-க்கு என்ன எழுதுவது? டிவிக்கு அலைவரிசை என்று எல்லோருக்கும் பழகிவிட்டது, அதைச் சேனலுக்கு விட்டுவிடுகிறேன். அலைக்கற்றை என்றால் ஏலம் நினைவுக்கு வருகிறது.

பூங்கோதை, புதன் இரவு

பிளஸ் டூ இயற்பியல் எடுக்கிறேன். அங்கே ஆற்றல் பட்டை, கடத்துப் பட்டை என்று ‘பேண்டு’க்குப் பட்டைதான். இலவங்கப்பட்டை, விபூதிப்பட்டை என்று முதல் நாள் சிரிப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். பட்டையே இருக்கட்டும்.

பெயரைவிட எனக்குக் கவலை, ரௌட்டர் திரையில் `Veedu_5G` என்று வருவது. என் மாணவர்களின் பெற்றோர் அதைத் தொட்டால் சிம் கார்டு டேட்டா போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அது செல்போன் 5ஜி இல்லை என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.

முத்தையா, வியாழன் காலை

பட்டைக்கு ஒப்புதல். ஆனால் எல்லோரும் ரௌட்டர் ரௌட்டர் என்கிறீர்களே, ‘திசைவி’ எங்கே போயிற்று? வைஃபைக்கு ‘அருகலை’ என்று வைத்தவரைப் பாராட்ட வேண்டும், அருகில் மட்டும்தான் வரும் என்று அன்றே எச்சரித்திருக்கிறார்.

செல்வம், வியாழன் காலை

ஐயா, திசைவி என்று சொன்னால் என்னவென்று புரியாமல் கடைப்பையன் பென்டிரைவை எடுத்து நீட்டுவான்.

அமுதா, வெள்ளி மதியம்

அனுப்பிவிட்டேன். பட்டை, அலைவரிசை, ‘பாட்டு விட்டுப்போதல்’. தலைப்பில் மட்டும் இடம் போதாததால் ‘ஒலி அறுபடல்’. ரௌட்டர் ரௌட்டராகவே இருக்கிறது, முதல் தடவை மட்டும் பக்கத்தில் திசைவி. 5ஜி வரி சேர்த்தாயிற்று. மைக்ரோவேவை எழுதினேன், ஸ்பீக்கரைக் குறை சொல்வதுபோல் இருக்கிறது என்று வெட்டிவிட்டார்கள்.

முத்தையா, வெள்ளி இரவு

‘அறுபடல்’ என்றால் அறுந்தது அறுந்ததுதான், திரும்பி வராது. உங்கள் பாட்டு திரும்பி வருகிறதே. விட்டிசையை நான் விடுவதாக இல்லை. அந்தத் தனி மடல் நாளை வரும்.

ரஹீம், சனி காலை

போனைக் கீழேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். பாட்டு நிற்கவில்லை, ஆனால் ஸ்பீக்கரும் கீழேதான் இருக்கிறது.