புதுப்பிப்பு: நேற்றைய ரேஞ்சில் பாதியை வைத்து என்ட்ரி

நான் கேட்டது: "பேக்டெஸ்டில் வரும் வாங்கும் விலை, லைவில் ஏன் கிடைக்கவே மாட்டேன் என்கிறது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காரணம் கிடைத்துவிட்டது. "ட்ரிகரை எந்த விலையிலிருந்து கணக்கிடுகிறீர்கள்?" என்று இரண்டாவதாகப் பதில் எழுதியவர் கேட்டாரே, அங்கேதான் தப்பு. விலை ட்ரிகரைத் தொட்டால் வாங்குவதுதான் என் முறை; அந்த ட்ரிகருக்காக நேற்றைய ரேஞ்சில் பாதியை நான் நேற்றைய முடிவு விலையோடு கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாளை எடுத்துப் பார்த்தேன். முந்தைய நாள் உச்சம் 212, தாழ்வு 204, முடிவு 210. ரேஞ்ச் 8, பாதி 4, ஆக ட்ரிகர் 214. மறுநாள் சந்தை திறந்ததே 217-இல். அன்றைய தாழ்வு 216. 214 என்ற விலை அன்று வரவே இல்லை, ஆனால் பேக்டெஸ்ட் 214-க்கு வாங்கியதாக எழுதியிருந்தது. ட்ரிகருக்கு மேலேயே கேப்பில் திறந்த நாளெல்லாம் இப்படி இல்லாத லாபம் சேர்ந்திருக்கிறது.

இப்போது இன்றைய தொடக்க விலையோடு கூட்டுகிறேன்:

```
trigger = open + 0.5 * (high[1] - low[1])
```

அதே நாளுக்கு ட்ரிகர் 221. லைவும் பேக்டெஸ்டும் இப்போது ஸ்லிப்பேஜ் அளவுக்குத்தான் வேறுபடுகின்றன. லாபக் கோடு நன்றாகவே தாழ்ந்துவிட்டது, ஆனால் இதுதான் உண்மையான கோடு.

0.5-ஐ 0.7 ஆக்கச் சொன்னவரின் யோசனையால் பொய் பிரேக்அவுட் குறைந்தது. விலை வித்தியாசம் அப்படியே இருந்தது. 24 மணி நேரச் சந்தையில் இந்தச் சிக்கலே இல்லை என்றவருக்கு: சரிதான், ஆனால் அங்கே நாள் எந்த மணிக்கு முடிகிறது என்பதை மாற்றினால் ரேஞ்சே மாறிவிடும்.

எதிர்பாராதது ஒன்று. நேற்றைய ரேஞ்ச் வெறும் 2 என்றால் ட்ரிகர் தொடக்கத்துக்கு 1 புள்ளி மேலேதான். முதல் சில நிமிடங்களிலேயே தொட்டுவிட்டுத் திரும்புகிறது. சில நாள் சராசரி ரேஞ்சை வைத்துப் பார்க்கிறேன், இன்னும் முடிவுக்கு வரவில்லை.