நிட்டிங் பட்டறை கூட்டுத் தொழிலானபோது மெஷினுக்குப் போட்ட விலை

திருப்பூர்க்காரர்:
பத்து வருசம் தனியாக நடத்திய நிட்டிங் பட்டறையில், போன ஏப்ரல் 1 முதல் மச்சானைப் பார்ட்னராகச் சேர்த்தேன். லாபம் ஆளுக்குப் பாதி. மூன்று மெஷின், தேய்மானம் போக என் கணக்கில் 6 லட்சம். மெஷின் வியாபாரியைக் கூட்டி வந்து காட்டி, 9 லட்சம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். நூல் 2.5 லட்சத்துக்கு இருந்தது. மங்கிப்போன கலர் கோன்களைக் கழித்து 2.1. வரவேண்டிய பாக்கி 4 லட்சம், அதில் 40 ஆயிரம் சந்தேகம். பேங்கில் 50 ஆயிரம். நூல் கொடுத்தவர்களுக்குத் தரவேண்டியது 3 லட்சம். ஆக என் முதல் 12.2 லட்சம். மச்சானும் அதே தொகையைப் போட்டார்.

கணக்கு எழுதுபவர் என் பழைய பேலன்ஸ் ஷீட்டை அப்படியே புதுப் புத்தகத்தில் ஏற்றிவிட்டார். என் முதல் 10 லட்சம் ஆகிவிட்டது. மே மாதம் ஒரு மெஷினை 3 லட்சத்துக்கு விற்றோம். கணக்கில் அது 2 லட்சம். அந்த 1 லட்சம் லாபமாகி, பாதி மச்சான் பேருக்குப் போனது. அவர் வருவதற்கு முன்பே ஏறியிருந்த விலை அது. மனசு ஆறவில்லை.

ஈரோட்டுத் தம்பி:
அண்ணா, பழைய தேய்மானக் கணக்கையும் சேர்த்துக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். பாக்கியை 3.6 லட்சம் என்றே எழுதிவிடுங்க.

கோவை அக்கா (ஆடிட்டர் ஆபீசில் இருபது வருசம்):
ரெண்டுமே வேண்டாம் தம்பி. பழைய தேய்மானம் பழைய புத்தகத்தோடு முடிந்தது. கூட்டுக்கு மெஷின் வாங்கின விலையே 9 லட்சம்தான். பாக்கியை 4 லட்சம் என்றே பற்று வைக்கணும், இல்லையென்றால் பார்ட்டி வாரியான லெட்ஜரோடு ஒத்துவராது. சந்தேகமான 40 ஆயிரத்தைத் தனி ஒதுக்காக வரவு வைங்க. பற்று 9, 2.1, 4, 0.5. வரவு 3, 0.4, உங்க முதல் 12.2. இரண்டு பக்கமும் 15.6. இப்படி எழுதியிருந்தால் மே மாத விற்பனையில் லாபமே வந்திருக்காது.

ஆனால் ஒன்று. கூட்டுப் புத்தகத்தில் எழுதும் விலையைத்தான் வருமான வரியில் நீங்கள் விற்ற விலையாக எடுப்பார்கள். அந்த 3 லட்சம் வித்தியாசத்துக்கு வரி உங்க தலையில்தான். டீடில் விலை எழுதியிருக்கா?

கரூர்க்காரர்:
நான் மகனைச் சேர்த்தபோது பழைய ஜிஎஸ்டி நம்பரிலேயே மூன்று மாதம் பில் போட்டு மாட்டிக்கொண்டேன். பான் மாறினால் புது நம்பர் எடுக்கணும். பழையதில் கிடந்த கிரெடிட்டை `ITC-02` போட்டுத்தான் மாற்றினேன்.

திருப்பூர்க்காரர்:
டீடில் "பேலன்ஸ் ஷீட்படி" என்றுதான் இருக்குங்க அக்கா. மெஷின் வியாபாரி எழுதித் தந்த விலைச் சீட்டு மட்டும் கையில் இருக்கிறது, இருவரும் கையெழுத்துப் போட்டது. மச்சான் மாற்றி எழுதச் சம்மதம் என்கிறார். வரியில் பாதியை அவர் ஏற்பாரா என்று இன்னும் கேட்கவில்லை.