பார்கோடு சார்ட் பாடம்: 890னு இருக்கு, ஆனா மேட் இன் சைனானு போட்டிருக்கு. பிள்ளைங்களுக்கு என்ன சொல்றது?

பாலக்கோடு டீச்சர்
எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் அரசு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். வர்த்தகம் பத்தின பாடத்துக்கு ஒரு செயல்பாடு வச்சிருக்கேன். பிள்ளைங்க வீட்ல இருந்து காலி கவர், டப்பா, பேஸ்ட் அட்டை எல்லாம் கொண்டு வரணும், பார்கோடு கீழ இருக்கிற நம்பர்ல முதல் மூணு இலக்கத்தைப் பாக்கணும், நான் சுவத்துல ஒட்டியிருக்கிற சார்ட்டோட பொருத்தி அது எந்த நாடுன்னு எழுதணும், அப்புறம் உலக வரைபடத்துல பொட்டு வைக்கணும். சார்ட்ல இவ்ளோதான் போட்டிருக்கேன்: 890 இந்தியா, 690 முதல் 699 சீனா, 450-459 அப்புறம் 490-499 ஜப்பான், 400-440 ஜெர்மனி, 479 இலங்கை, 885 தாய்லாந்து, 955 மலேசியா, 000-019 அப்புறம் 060-139 அமெரிக்கா.

ஒரு பிரிவுக்கு எடுத்தாச்சு, அதுல மூணு சிக்கல் வந்துச்சு. ஒரு பையன் கொண்டு வந்த பொம்மை கார் டப்பால 890, ஆனா அடியில மேட் இன் சைனா. இன்னொரு பொண்ணு அவங்க சித்தப்பா வாங்கின ஏதோ சார்ஜர் அட்டை கொண்டு வந்துச்சு, அது 885ல ஆரம்பிக்குது, சார்ட்படி தாய்லாந்து, ஆனா அட்டையில தாய்லாந்துங்கிற பேச்சே இல்ல. மூணாவது, தர்மபுரி சூப்பர் மார்க்கெட்ல எடை போட்டு ஒட்டின சின்ன வெங்காயம் ஸ்டிக்கர், 2ல ஆரம்பிக்குது, சார்ட்ல அப்படி நாடே இல்ல. அடுத்த வாரம் பி பிரிவுக்கு எடுக்கணும். சார்ட்ல தப்பா, இல்ல செயல்பாடே தப்பா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர் அண்ணாச்சி
மேடம் சார்ட் சரிதான், டப்பாதான் டூப்ளிகேட்டா இருக்கும். 890னா இந்தியப் பொருள், 690ல இருந்து 699 வரைக்கும் சீனாப் பொருள், இது வாட்ஸ்அப்ல வருஷக்கணக்கா வந்துட்டு இருக்கு. பிள்ளைங்களுக்கு இப்பவே சொல்லிக் குடுத்தா கடைக்குப் போகும்போது பாத்து வாங்குவாங்க.

கடத்தூர் ஸ்கேனர்
அண்ணாச்சி சொல்றதுல பாதி சரி. 890 இந்தியாவோடதுங்கிறது உண்மை. ஆனா அந்த மூணு இலக்கம் பொருள் எங்க செஞ்சாங்கன்னு சொல்லாது, பார்கோடு நம்பர் குடுக்கிறது ஜிஎஸ்1ங்கிற அமைப்பு, நம்பரை வாங்கின கம்பெனி எந்த நாட்டு ஜிஎஸ்1ல பதிஞ்சிருக்குன்னு மட்டும்தான் அது சொல்லும். நான் டிஸ்ட்ரிபியூட்டர் குடோன்ல பல வருஷமா பில்லிங் பாக்கிறேன், தினமும் கண்ணு முன்னாடி நடக்கிறதுதான் இது.

டீச்சர் சொன்ன பொம்மை காரையே எடுத்துக்கோங்க. சென்னையிலயோ டெல்லியிலயோ ஒரு கம்பெனி, ஜிஎஸ்1 இந்தியால பணம் கட்டி நம்பர் வரிசை வாங்கி வச்சிருக்கும், அதனால அவங்க எந்தப் பொருளுக்கு நம்பர் போட்டாலும் 890லதான் ஆரம்பிக்கும். அந்தக் காரை சீனால ஒரு ஃபேக்டரியில செய்யச் சொல்லி, டப்பா டிசைனையும் இவங்களே அனுப்பி, அங்கேயே பேக் பண்ணி கப்பல்ல இறக்குவாங்க. டப்பால 890ம் இருக்கும், மேட் இன் சைனாவும் இருக்கும், ரெண்டும் உண்மை, டூப்ளிகேட் எல்லாம் இல்ல. அந்த டப்பாவ இன்னொரு தடவை திருப்பிப் பாருங்க, பொடி எழுத்துல இறக்குமதி செஞ்சவங்க பேரும் விலாசமும் கண்டிப்பா இருக்கும், இறக்குமதிப் பொருள்னா அதப் போட்டே ஆகணும்னு எடையளவுச் சட்டத்துல இருக்கு.

காவேரிப்பட்டணம் மாங்கூழ்
இதுக்குத் தலைகீழா ஒண்ணு நான் சொல்றேன். நம்ம கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரில லேபிள் செக்ஷன்ல இருந்தேன். சீசன்ல 850 கிராம் டின் போகும், வளைகுடா நாட்டு பார்ட்டி ஆர்டர் குடுத்தா லேபிள் அவங்க பிராண்டு, டிசைன் அங்க இருந்தே வரும், பார்கோடும் அவங்களோடதுதான், 628 சவுதி, 629 எமிரேட்ஸ். உள்ள இருக்கிறது பர்கூர், ஊத்தங்கரை தோட்டத்துப் பெங்களூரா மாம்பழம், பின்னாடி இந்தியாவில் தயாரிக்கப்பட்டதுன்னு இங்கிலீஷ்லயும் அரபிலயும் இருக்கும். உங்க சார்ட்ட வச்சு ஒரு பையன் பாத்தா அவன் தாத்தா தோட்டத்துப் பழத்த சவுதிப் பழம்னு எழுதிட்டுப் போவான். பழைய லேபிள் யார்கிட்டயாவது இருக்கும், கேட்டுப் பாருங்க, பிள்ளைங்களுக்கு அதக் காட்டினா சட்டுனு புரிஞ்சிடும்.

டிஎன்29 புல்லட்
டீச்சர் இவ்ளோ கஷ்டம் எதுக்கு, வண்டி நம்பர் வச்சு நடத்துங்க. டிஎன் 29 தர்மபுரி, டிஎன் 24 கிருஷ்ணகிரி, டிஎன் 70 ஓசூர். பஸ் ஸ்டாண்டுல நின்னாலே பாடம் முடிஞ்சுது. கேஏன்னு வந்தா கர்நாடகா.

பாலக்கோடு டீச்சர்
சார், அது மாவட்டம், மாநிலம் பாடத்துக்கு நல்லா இருக்கும், எடுத்து வச்சுக்கிறேன். இது நாடுகளுக்கு இடையில நடக்கிற வியாபாரம், அதான் டப்பா.

கடத்தூர் சார், அப்போ தாய்லாந்து விஷயம்? அதுவும் பதிவுதானா?

கடத்தூர் ஸ்கேனர்
அது வேற கதை. அந்த சார்ஜர் அட்டைல மொத்தம் எத்தனை இலக்கம்னு எண்ணுங்க, ஓரத்துல தள்ளி நிக்கிற குட்டி எண்களையும் சேத்து எண்ணணும். 12 இருக்கும்னு என் ஊகம்.

பாலக்கோடு டீச்சர்
இப்பதான் போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன், ஆமா 12தான்! 885ல ஆரம்பிச்சு மொத்தம் 12.

கடத்தூர் ஸ்கேனர்
அப்போ அது தாய்லாந்தே இல்ல. நம்ம ஊர்ப் பொருள்ல வர்றது 13 இலக்கம், உங்க சார்ட்டும் 13 இலக்கத்துக்குத்தான். அமெரிக்கா, கனடா பக்கம் முதல்ல இருந்தே 12 இலக்கம்தான் பழக்கம், அத 13 ஆக்கணும்னா முன்னாடி ஒரு 0 சேத்துக்கணும். 885ங்கிறது 0885 ஆகும், இப்போ முதல் மூணு இலக்கம் 088. உங்க சார்ட்லயே பாருங்க, 060க்கும் 139க்கும் நடுவுல, அமெரிக்கா. அதனால பி பிரிவுக்கு முதல் வேலை நாடு தேடறது இல்ல, எண்றது. 13 இருந்தா அப்படியே பாக்கலாம். 12 இருந்தா 0 சேத்துட்டுப் பாக்கணும். சின்ன சாக்லேட், சூயிங்கம் கவர்ல 8 இலக்கம் வரும், அது 890ன்னு ஆரம்பிச்சா இந்தியாதான், 0ல ஆரம்பிச்சா அது வேற முறை, ஏழாம் வகுப்புக்கு வேணாம், ஓரமா வச்சிடுங்க.

வெங்காய ஸ்டிக்கர் இருக்கே, 20ல இருந்து 29 வரைக்கும் ஆரம்பிக்கிற 13 இலக்க நம்பர் எல்லாம் கடை தனக்குள்ள போட்டுக்கிறது. எடை மெஷின் அந்த நேரத்துல அடிக்கிறது, பெரும்பாலும் விலையோ எடையோ அந்த நம்பருக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். பக்கத்துக் கடையில அதே நம்பர் புளியா இருக்கலாம். நாடு கிடையாது, சார்ட்ல கடைசி வரியா 200-299 கடை நம்பர்னு சேத்துடுங்க.

அரூர் கணக்கு வாத்தியார்
978ம் சேருங்க டீச்சர், யாராவது ஒரு பொண்ணு கைடு புக் கொண்டு வரும். 978ங்கிறது நாடு இல்ல, புத்தகம்னு அர்த்தம். அதுக்கு அடுத்து 81 இல்லன்னா 93 இருந்தா இந்தியப் பதிப்பாளர்.

இன்னொண்ணு, கசங்கின கவர்ல பிள்ளைங்க 3ஐ 8னு படிச்சிடுவாங்க, நாடு மாறிடும். சரியா படிச்சாங்களான்னு அவங்களே சோதிக்கலாம், கடைசி இலக்கம் அதுக்குத்தான் இருக்கு. 8901234567890னு வச்சுக்கோங்க. கடைசி 0வ மூடிடுங்க. மிச்ச 12ல ஒத்தைப்படை இடத்துல இருக்கிறத கூட்டினா 8+0+2+4+6+8, அது 28. இரட்டைப்படை இடம் 9+1+3+5+7+9, அது 34, அத மூணால பெருக்கினா 102. ரெண்டும் சேந்து 130. அடுத்த பத்தின் மடங்குக்குப் போக எவ்ளோ வேணும்? 130 ஏற்கனவே மடங்குதான், அதனால 0. மூடின இலக்கமும் 0, சரியா படிச்சிருக்கோம். 12 இலக்க நம்பருக்கு முதல்ல 0 சேத்துக்கணும், இல்லன்னா இடம் மாறி கணக்கு தப்பா வரும். கணக்கு டீச்சர் ஒத்துக்கிட்டா ஒரு பீரியட் அவங்ககிட்ட வாங்கிக்கோங்க.

பாலக்கோடு டீச்சர்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பி பிரிவுக்கு இப்படி மாத்தறேன், சரியான்னு சொல்லுங்க. சார்ட் தலைப்ப நாடுன்னு போடாம நம்பர் பதிஞ்ச நாடுன்னு மாத்திடறேன். நாலு நாலு பேரா உக்கார வச்சு, ஒவ்வொரு கவருக்கும் நோட்டுல மூணு கட்டம்: எத்தனை இலக்கம், நம்பர் பதிஞ்ச நாடு, பொடி எழுத்துல எழுதியிருக்கிற தயாரிப்பு இடம். ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணா இருந்தா ஒரு குவியல், வேறயா இருந்தா இன்னொரு குவியல். வேற குவியல்ல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் யார் செஞ்சா, யார் வித்தா, யார் இறக்குமதி பண்ணினானு அவங்களே கவர்ல தேடணும். வரைபடத்துல நம்பருக்கு நீலப் பொட்டு, தயாரிப்புக்குச் சிவப்புப் பொட்டு, நடுவுல நூல்.

இத நான் முக்கியமா நினைக்கக் காரணம் இருக்கு. ஏ பிரிவுல ஒரு பொண்ணோட ஜாமெட்ரி பாக்ஸ் 69ல ஆரம்பிக்குதுன்னு பாத்துட்டு பக்கத்துல இருந்தவங்க சைனா பாக்ஸ் சைனா பாக்ஸ்னு கத்தி, அது அழுதுடுச்சு. அந்த மாதிரி மறுபடி நடக்கக் கூடாது. பிள்ளைங்க சொந்தப் பொருள வேணாம்னு சொல்லிடறேன், காலி கவர் மட்டும், அதுவும் எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டுக் கலந்துட்டுத்தான் எடுக்கணும்.

கடத்தூர் ஸ்கேனர்
கூடை நல்ல யோசனை டீச்சர். தயாரிப்பு இடம் தேடும்போது ஒண்ணு மட்டும் கவனிங்க, கவர்ல ரெண்டு விலாசம் இருந்தா மார்க்கெட்டட் பைன்னு இருக்கிறது விக்கிறவங்க விலாசம், மேனுஃபேக்சர்ட் பைன்னு இருக்கிறதுதான் செஞ்ச இடம், பிள்ளைங்க பெரிய எழுத்துல இருக்கிறத எழுதிடுவாங்க. ஸ்கூல்ல நெட் இருந்தா Verified by GS1னு ஒரு பக்கம் இருக்கு, நம்பரப் போட்டா அத வாங்கின கம்பெனி பேரு காட்டும், காட்டாமலும் போகும், எல்லாக் கம்பெனியும் விவரம் ஏத்துறதில்ல.

ஓசூர் அண்ணாச்சி
சரி, அப்போ கடையில நிக்கும்போது சீனாப் பொருளான்னு எத வச்சுத்தான் பாக்கிறது?

கடத்தூர் ஸ்கேனர்
நம்பர விட்டுட்டு எழுத்தப் படிங்க அண்ணாச்சி. கன்ட்ரி ஆஃப் ஆரிஜின்னு தனியா ஒரு வரி இருக்கும்.

பாலக்கோடு டீச்சர்
ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். பெட்டிக்கடையில சில்லறையா விக்கிற ரப்பர், ஷார்ப்னர்ல எல்லாம் பார்கோடும் இல்ல, செஞ்ச இடமும் இல்ல. பிள்ளைங்க அதத்தான் அதிகம் கொண்டு வர்றாங்க. அத எந்தக் குவியல்ல போடறது?

அரூர் கணக்கு வாத்தியார்
மூணாவது குவியல் வைங்க, தெரியலைன்னு எழுதட்டும்.

காவேரிப்பட்டணம் மாங்கூழ்
கடைக்காரர்கிட்ட பெரிய டப்பா இருக்கும்ல, அதுலதான் எல்லாம் போட்டிருக்கும். ரெண்டு பிள்ளைங்கள அனுப்பி அந்த டப்பாவப் பாத்துட்டு வரச் சொல்லுங்க. தர மாட்டேன்னு சொன்னா அது வேற விஷயம்.