கோயில் ஜென்செட் பன்னிரண்டே நிமிடத்தில் நின்றுபோனது

பிறை, கோயில் நிர்வாகம்:
எங்கள் கோயிலில் இருப்பது 20 கேவிஏ டீசல் ஜென்செட். சனிக்கிழமை தவறாமல் பத்து நிமிடம் லோடு கொடுக்காமல் ஓடவிடுவோம். போன மாதம் மாலைப் பூசையில் கரண்ட் போனது. ஜென்செட் உடனே எடுத்தது, பன்னிரண்டாவது நிமிடம் திணறி நின்றுவிட்டது. பில்டரைக் கழற்றினால் கஞ்சி ஆடை மாதிரி வழவழவென்று கறுப்புப் படலம். தொட்டியில் ஒரு வருடத்துக்கு மேல் கால்வாசி டீசல்தான் கிடந்தது. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

செந்தூல், உணவகம்:
தொட்டியை நிரப்பி, கிருமி மருந்து ஊற்றுங்கள் அண்ணே. நான் அதைத்தான் செய்கிறேன், பிரச்சினையே இல்லை.

பட்டர்வொர்த், ஜென்செட் பட்டறை:
நிரப்பி வைப்பது சரி. காலி இடம் இருந்தால் இரவுக் குளிரில் தொட்டிச் சுவரில் வேர்த்து, தண்ணீர் அடியில் இறங்கும். அந்தத் தண்ணீரில்தான் கிருமி வளரும். நம் டீசலில் பாமாயில் கலப்பு இருப்பதால் ஈரத்தை இன்னும் இழுக்கும். ஆனால் தண்ணீரை வடிக்காமல் மருந்து ஊற்றினால், செத்த படலம் மொத்தமும் பில்டருக்குத்தான் போகும். முதலில் அடித் திருகைத் திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள்.

அப்புறம், புகைக்குழாய் இணைப்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுகிறதா?

பிறை, கோயில் நிர்வாகம்:
ஆமாம், கீழே சொட்டியே இருக்கிறது. என்ஜின் ஆயில் ஒழுகுகிறது என்று நினைத்தேன்.

பட்டர்வொர்த், ஜென்செட் பட்டறை:
அது பெரும்பாலும் எரியாத டீசலும் கரியும். லோடு இல்லாமல் ஓட்டினால் என்ஜின் சூடேறாது. வாரம் பத்து நிமிடத்துக்குப் பதில் மாதம் ஒருமுறை அரை மணி நேரம், குறைந்தது 30 சதவீத லோடில் ஓட்டுங்கள். உங்கள் 20 கேவிஏ என்பது 16 கிலோவாட், அதனால் ஐந்து கிலோவாட்டுக்குக் குறையக் கூடாது. பேட்டரிக்குத் தனி சார்ஜர் போடுங்கள். ஆயிலை, மணிக்கணக்கு எட்டாவிட்டாலும், வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

செந்தூல், உணவகம்:
அதற்கு டீசல் செலவாகுமே என்பவர்களுக்கு என் கணக்கு. எனதும் 20 கேவிஏதான். விளிம்புவரை நிரப்பி, ஒரு மணி நேரம் ஓட்டி, திரும்ப எவ்வளவு பிடித்தது என்று அளந்தேன். 4 கிலோவாட்டில் 1.9 லிட்டர், 8-இல் 2.8, 12-இல் 3.9. மூன்று மடங்கு லோடுக்கு டீசல் இரண்டு மடங்குதான் ஆனது.

கிள்ளான், பாசார் மாலாம் கடை:
என் சின்ன ஜெனரேட்டர் மூன்று மாதம் சும்மா கிடந்தது, இப்போது இழுத்தாலும் எடுக்கவில்லை. பெட்ரோல்தான்.

பட்டர்வொர்த், ஜென்செட் பட்டறை:
அது வேறு கதை தம்பி. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். கழற்றிக் கழுவுங்கள்.

பிறை, கோயில் நிர்வாகம்:
நேற்று வடித்தேன். முதலில் அரை போத்தல் தண்ணீர் வந்தது. பில்டர் மாற்றி, கைப்பம்பால் காற்றை எடுத்து, ஏர்கான்களைப் போட்டு 9 கிலோவாட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். முதல் முக்கால் மணி கரும்புகை, பிறகு தெளிந்தது. ஆனால் இணைப்பில் இன்னும் லேசாகக் கசிகிறது. இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கவா, இல்லை இன்ஜெக்டரைக் கழற்றவா?