சம்பள ஹைக் கேக்கணும், எப்படி ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம், ஒரு ஹெல்ப் வேணும். நான் கஸ்டமர் சப்போர்ட்ல இருக்கேன், எட்டு மாசம் முன்னாடி எங்க டீம் லீட் வேலைய விட்டுப் போனதுல இருந்து ஷிப்ட் போடுறது, புதுசா வர்றவங்களுக்கு ட்ரெயினிங், வாராவாரம் ரிப்போர்ட் எல்லாம் என் தலையிலதான், ஆனா டெசிக்னேஷனும் சம்பளமும் அப்படியேதான் இருக்கு.

ரிசல்ட்டும் கையில இருக்கு. முன்னாடி ஒரு கம்ப்ளைன்ட் முடிய சராசரியா மூணு நாள் ஆகும், திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு நான் ரெடிமேட் பதில் எழுதி வச்சப்புறம் ஒன்றரை நாள்தான். ஆனா அதே சமயத்துல ரெண்டு பேர் புதுசா சேர்ந்தாங்க, அதனால முழுசும் என்னாலதான்னு சொன்னா மேனேஜர் உடனே மடக்கிடுவாரு. அதான் அந்தப் பதில்கள் போன கம்ப்ளைன்ட்ட மட்டும் தனியா பிரிச்சு எடுத்துட்டு இருக்கேன்.

அப்ரைசலுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு, அதுக்குள்ள பட்ஜெட் முடிவாகிடும், அதனால இப்பவே ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்துட்டுப் பேசலாம்னு இருக்கேன்.

எத்தனை பர்சன்ட்னு நானே முதல்ல சொல்லணுமா? "இப்போ முடியாது"ன்னா டெசிக்னேஷனையும் அடுத்த தேதியையும் மெயில்ல கேட்டு வாங்கலாமா? இப்படிக் கேட்டு வாங்குனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.